பீட்சாக் கதை சொன்னால் 5/16 என்கிறார்கள் (நாலாம் வகுப்பு, பின்னம்)

கரும்பலகை | ஜூலை 6, இரவு 9.40

பின்னம் நடத்த நானே ஒரு கதை எழுதினேன். அப்படியே போடுகிறேன்:

"கயலுக்குப் பிறந்தநாள். அப்பா ரெண்டு பீட்சா வாங்கி வந்தார். ஒன்று மக்காச்சோளம் போட்டது, இன்னொன்று குடைமிளகாய் போட்டது. ரெண்டும் ஒரே அளவு. ரெண்டையும் எட்டெட்டுத் துண்டாக வெட்டியிருந்தார்கள். அன்வர் மக்காச்சோளத்தில் மூணு துண்டு தின்றான். பசி அடங்கவில்லை. குடைமிளகாயில் ரெண்டு துண்டு தின்றான். கயல் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்: 'டேய், எவ்வளவுடா தின்னே?'"

இங்கே நிறுத்திவிட்டு வகுப்பைக் கேட்டேன். 3/8 + 2/8 = 5/8 வரும் என்று காத்திருந்தேன். பாதிக்கு மேல் 5/16. மேலேயும் கூட்டி, கீழேயும் கூட்டிவிட்டார்கள், எல்லா வருஷமும் பார்க்கிறதுதானே என்று சாக்பீஸை எடுத்தேன். முன் பெஞ்சுப் பிள்ளை எழுந்து, "டீச்சர், மொத்தம் பதினாறு துண்டு இருக்கு. அவன் அஞ்சு தின்னான். அப்புறம் என்ன?" என்றாள்.

என்ன பதில் சொல்வது? அவள் சொன்னது தப்பா, இல்லையா?

டியூஷன் மாஸ்டர் | ஜூலை 6, இரவு 10.05

தப்பு. பகுதி ஒன்றாக இருந்தால் தொகுதியை மட்டும் கூட்டு, பகுதியில் கை வைக்காதே. இருபது தடவை எழுதச் சொல்லுங்கள், படிந்துவிடும். கதை சொல்லப் போனால் இப்படித்தான் குறுக்குக் கேள்வி வரும்.

வெட்டி ஆபீசர் | ஜூலை 6, இரவு 10.20

ரெண்டு பீட்சா எதற்கு டீச்சர்? எட்டு இன்ச்சில் ரெண்டு வாங்குவதைவிடப் பன்னிரண்டு இன்ச்சில் ஒன்று வாங்குங்கள். பார்த்தால் எட்டும் எட்டும் பதினாறு, பன்னிரண்டைவிட அதிகம் என்றுதான் தோன்றும். அகலத்தை அதே அகலத்தால் பெருக்கிப் பாருங்கள். 8 × 8 = 64, ரெண்டுக்கு 128. 12 × 12 = 144. ஒரே பெரிசு ரெண்டு சின்னதை அடித்துவிடும். எங்கள் ஆபீஸ் பார்ட்டியில் இதைச் சொல்லிச் சொல்லி என்னை யாரும் ஆர்டர் போட விடுவதில்லை. பிறந்தநாளுக்கு எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள்?

கரும்பலகை | ஜூலை 6, இரவு 10.31

ஐயா, நான் ஆர்டர் போடவில்லை. பாடம் நடத்துகிறேன்.

மாஸ்டர், அந்த விதியை அவளே ஒப்பிக்கிறாள். நோட்டில் கணக்காகக் கொடுத்தால் 5/8 என்று சரியாகப் போடுகிறாள். கதையில் வந்தால்தான் 5/16.

பழைய டயட்காரன் | ஜூலை 7, காலை 5.50

(மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த டயட். உணவுக் கட்டுப்பாடு இல்லை. பீட்சா பற்றிப் பேச உரிமை உண்டு.)

அந்தப் பிள்ளை தப்பாகச் சொல்லவில்லை. உங்கள் கயல் கேட்ட கேள்வியில் ஒன்று குறைகிறது. "எவ்வளவு தின்னே" என்றால் எதில் எவ்வளவு? வாங்கி வந்தது முழுவதிலும் என்றால் பதினாறில் ஐந்து. ஒரு பீட்சாவை முழுசு என்று வைத்துக்கொண்டால் எட்டில் ஐந்து. இரண்டும் அதே ஐந்து துண்டுதான்.

இப்போது மாஸ்டருக்கு. நீங்கள் தப்பு என்று சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. 5/16 என்ற விடை தப்பில்லை, 3/8 + 2/8 = 5/16 என்று எழுதினால் அந்த வரி தப்பு. பதினாறு துண்டையும் முழுசாக எடுத்தவள், முதல் மூன்று துண்டையும் அதே முழுசில்தான் அளக்க வேண்டும். அப்போது அது 3/8 இல்லை, 3/16. அடுத்தது 2/16. கூட்டினால் 5/16, கீழே யாரும் கை வைக்கவில்லை. பாதி வழி வரை ஒரு பீட்சாவை முழுசாக வைத்துவிட்டு, சமக்குறி தாண்டியதும் ரெண்டு பீட்சாவுக்கு மாறினதுதான் இடறிய இடம்.

பிள்ளைக்கு இதை எப்படிக் காட்டுவது? விதி வேண்டாம். ஒன்று மட்டும் கேளுங்கள்: "முதல் பீட்சாவில் தின்னது 3/8. அதையே பாதி பாதியாக வெட்டினால் 6/16. அதற்கு மேலே இன்னும் ரெண்டு துண்டு தின்ன பிறகு 5/16 ஆகிவிட்டதா? தின்னத் தின்னக் குறையுமா?"

அதிலேயே முழிப்பார்கள். இன்னும் சுலபமாக வேண்டுமென்றால் அரையும் அரையும். 1/2 + 1/2 மேலும் கீழும் கூட்டினால் 2/4. அது அரைதான். அரை பீட்சா தின்றவன் இன்னொரு அரை தின்றும் அரையிலேயே நிற்கிறான்.

டியூஷன் மாஸ்டர் | ஜூலை 7, காலை 7.15

ஒரு கணக்குக்கு ரெண்டு விடையா சார்? நாலாம் வகுப்பிலேயே இப்படிச் சொன்னால் குழம்பிவிடுவார்கள். பரீட்சையில் யார் மார்க் போடுவது?

பழைய டயட்காரன் | ஜூலை 7, காலை 7.22

ஒரு கணக்குக்கு ஒரு விடைதான். இங்கே கேள்வியே ரெண்டு. கயலை ஒழுங்காகக் கேட்கச் சொல்லுங்கள்.

ஸ்காபரோ அம்மா | ஜூலை 7, காலை 8.40

வாசிச்சுக்கொண்டு வர எனக்கு என்ர மகன்ர கதை ஞாபகம் வந்தது. இங்க மூண்டாம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக்கூடத்தில பீட்சா லஞ்ச் எண்டு ஒரு நாள் இருக்கு, காசு கட்டினால் ஆளுக்கு ஒரு துண்டோ ரெண்டு துண்டோ குடுப்பினம். அவன் வீட்ட வந்து "இண்டைக்கு ரெண்டு பீட்சா சாப்பிட்டனான்" எண்டுதான் சொல்லுவான். நானும் அப்பிடியே விட்டுட்டன்.

பிறகு ஒருநாள் "ஒரு பீட்சாவில 1/8 நிறம் தீட்டு" எண்டு வீட்டுவேலை வந்தது. இவன் என்ன செய்தவன் தெரியுமோ? ஒரு முக்கோணம் கீறி, அதைக் குறுக்கால குறுக்கால எட்டாப் பிரிச்சு, நுனியில ஒண்டுக்கு நிறம் தீட்டியிருக்கிறான். டீச்சர் சிவப்பால வெட்டிவிட்டா. பிள்ளைக்கு ஏனெண்டு விளங்கேல்ல, எனக்கும் அண்டைக்கு விளங்கேல்ல. அவனுக்கு ஒரு துண்டுதானே ஒரு பீட்சா!

பழைய டயட்காரன் | ஜூலை 7, காலை 9.05

அம்மா, முழுசு எது என்பதில் உங்கள் பையன் இங்கே இருக்கிற எங்கள் எல்லாரையும்விடத் தெளிவாக இருக்கிறான். நானாக இருந்தால் வெட்டுவதற்கு முன் ஒன்று கேட்டிருப்பேன்: எட்டும் ஒரே அளவா? முக்கோணத்தைக் குறுக்கே ஒரே இடைவெளியில் கோடு போட்டால் நுனித் துண்டு இத்தனூண்டு, அடித் துண்டு பெரிசு. அதைத்தான் சிவப்பில் எழுதியிருக்க வேண்டும். நுனியிலிருந்து விசிறி மாதிரிப் பிரித்திருந்தால் ஒன்றுபோல் வந்திருக்கும்.

ஸ்காபரோ அம்மா | ஜூலை 7, காலை 9.30

நுனித் துண்டு தங்கச்சிக்காம். அவன் தெரிஞ்சுதான் கீறியிருக்கிறான்.

கரும்பலகை | ஜூலை 8, மாலை 5.15

இன்று செய்து பார்த்தேன். பழைய காலண்டர் தாளில் எவர்சில்வர் தட்டை வைத்து வட்டம் வரைந்து வெட்டினோம், ஆளுக்கு ரெண்டு. மூணு தடவை மடித்தால் எட்டு மடிப்பு தானாக வந்துவிடுகிறது, கத்தரிக்கோல்தான் சண்டை.

கதையில் கயலின் கேள்வியை ரெண்டாக்கினேன். கயல், "ஒரு முழு பீட்சாவையும் முடிச்சுட்டியாடா?" என்று கேட்கிறாள். பின்னாலேயே அப்பா வந்து, "நான் வாங்கினதுல எத்தனை பங்கு காலி?" என்கிறார். கயலுக்குப் பதில் சொல்லும்போது ஐந்து துண்டையும் ஒரே வட்டத்தின் மேல் அடுக்க வேண்டும். அடுக்கினால் மூணு இடம் காலி, அதாவது 5/8. அப்பாவுக்கு ரெண்டு வட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். துண்டை எடுத்துப் பழைய வட்டத்திலிருந்து புது வட்டத்துக்கு மாற்றும்போதுதான் சிலர் முகத்தில் பிடிபட்டது தெரிந்தது.

"தின்னத் தின்னக் குறையுமா" என்ற கேள்வியையும் கேட்டேன், சார். முன் பெஞ்சுக்காரி யோசித்துவிட்டு, "அப்பாகிட்ட 5/16ன்னு சொல்லிடுவான் டீச்சர், கொஞ்சமா தின்ன மாதிரி இருக்கும்" என்றாள்.

வெட்டி ஆபீசர் | ஜூலை 8, இரவு 8.00

சரி, பாடம் என்று இப்போது புரிந்தது. ஆனால் நான் சொன்னதும் இதில் சேரும் போலிருக்கிறதே? கதையில் "ரெண்டும் ஒரே அளவு" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? மக்காச்சோளம் எட்டு இன்ச், குடைமிளகாய் பன்னிரண்டு இன்ச், ரெண்டும் எட்டுத் துண்டு. பெரிசில் ஒரு துண்டு சின்னதில் ரெண்டேகால் துண்டுக்குச் சமம் (144-ஐ 64-ஆல் வகுத்தேன்).

பழைய டயட்காரன் | ஜூலை 8, இரவு 8.40

வழி தவறி வந்தவர் சரியான வாசலில் நிற்கிறார். 3/8 + 2/8 என்று கூட்டவே முடியாமல் போகும். ஒன்று சின்ன பீட்சாவின் எட்டில் மூன்று, மற்றது பெரிய பீட்சாவின் எட்டில் இரண்டு. எழுத்தில் ஒரே பகுதி, ஆனால் துண்டு வேறு. டீச்சர், அந்த ஒரு வரியைக் கதையில் சும்மா சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஒரு பிள்ளை அதைக் கேட்டு வாங்குகிற மாதிரி எழுதுங்கள். அளவைச் சொல்லாமலே "சின்ன பீட்சாவில் அரை வேணுமா, பெரிய பீட்சாவில் கால் வேணுமா" என்று கேட்டால் வகுப்பு ரெண்டாகப் பிரிந்து கத்தும். ஆபீசரின் கணக்கில் அரை எட்டு இன்ச் 32, கால் பன்னிரண்டு இன்ச் 36. கால்தான் பெரிசு.

டியூஷன் மாஸ்டர் | ஜூலை 8, இரவு 9.10

வட்டத்தை விட்டுவிட்டுப் பர்பி எடுங்கள் என்பேன். நீள்சதுரமாக இருந்தால் மூணாகவும் ஐந்தாகவும் ஸ்கேல் வைத்து வெட்டலாம். வட்டத்தில் ரெண்டு, நாலு, எட்டு தவிர வேறு எதையாவது வெட்டச் சொல்லிப் பாருங்கள். இது நான் டியூஷனில் பார்த்தது. மூணு பங்கு என்றால் வட்டத்துக்குள் ரெண்டு நேர்கோடு செங்குத்தாகப் போட்டுவிட்டு, நடுப்பங்கு பெரிசாக இருப்பதைக் கவனிக்காமலே 1/3 என்று எழுதுவார்கள்.

கரும்பலகை | ஜூலை 9, இரவு 9.00

மாஸ்டர் சொல்வது இதில் சரி. அதனால்தான் அடுத்த பகுதியில் எனக்குச் சிக்கல். கதையின் ரெண்டாம் பாகம்: ஒரு பீட்சா, எட்டுத் துண்டு, நாலு பேர். ஆளுக்கு ரெண்டு, அது 2/8, அதுவே 1/4. இதுவரை சுகம். வாயில் வைக்கப் போகிற நேரம் பக்கத்து வீட்டு ஜோ உள்ளே வருகிறான். ஐந்து பேர். இதை வைக்கலாமா, எடுத்துவிடலாமா? எட்டை ஐந்தால் வகுத்தால் மிச்சம் வருகிறதே.

டியூஷன் மாஸ்டர் | ஜூலை 9, இரவு 9.12

எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஜோவைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

முந்திரி தாத்தா | ஜூலை 10, காலை 6.30

ஜோவைத் துரத்தாதீர்கள். மிச்சம் வருவதில்தான் கணக்கே இருக்கிறது.

எட்டுத் துண்டில் ஆளுக்கு ஒன்று கொடுங்கள். மீதி மூன்று. மூன்றையும் பாதியாக வெட்டினால் ஆறு பாதி. ஆளுக்கு ஒரு பாதி, மீதி ஒரே ஒரு பாதி. அதை ஐந்தாக நறுக்குங்கள். முடிந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு, ஒரு அரைத்துண்டு, ஒரு பொடித்துண்டு. பீட்சாக் கணக்கில் 1/8, 1/16, 1/80. சேர்த்தால் 16/80. ஐந்தில் ஒன்று, அச்சாக.

எங்கள் காலத்துக் கீழ்வாய் இலக்க வாய்ப்பாட்டில் இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. அரைக்கால், மாகாணி, காணி. ஐந்தில் ஒன்று நாலுமா. ஆக அரைக்காலும் மாகாணியும் காணியும் சேர்ந்தால் நாலுமா. என் தாத்தா முந்திரி, அதாவது 1/320 வரைக்கும் வாயாலேயே போடுவார். நெல் அளந்த கணக்கு, பீட்சாவுக்கும் பொருந்திவிட்டது.

இது நமக்கு மட்டும் உள்ளதும் இல்லை. எகிப்தில் கிமு 1550 வாக்கில் எழுதிய ரைண்ட் பப்பிரசில் (லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது) பத்துப் பேருக்கு ஆறு ரொட்டியைப் பங்கிடும் கணக்கு வருகிறது. விடை ஆளுக்கு அரையும் பத்தில் ஒன்றும். ஐந்து ரொட்டியைப் பாதியாக்கினால் பத்துப் பேருக்கும் ஆயிற்று, மீதி ஒன்றைப் பத்தாக்கு. நான் மேலே சொன்ன அதே வழி. எல்லார் கையிலும் பார்வைக்கு ஒரே மாதிரிப் பங்கு இருக்கும், சண்டை வராது.

டியூஷன் மாஸ்டர் | ஜூலை 10, காலை 7.40

அழகாக இருக்கிறது தாத்தா. ஆனால் 1/80 எல்லாம் நாலாம் வகுப்புக்கு ஆகாது. ஒவ்வொரு துண்டையும் ஐந்தாக வெட்டு, நாற்பது பொடித்துண்டு, ஆளுக்கு எட்டு, 8/40 = 1/5. ஒரே படி.

முந்திரி தாத்தா | ஜூலை 10, காலை 7.55

நாற்பது பொடித்துண்டைத் தட்டில் கொட்டினால் அது பீட்சா இல்லை தம்பி, உப்புமா.

கரும்பலகை | ஜூலை 12, மாலை 6.10

ஜோ உள்ளே வந்துவிட்டான். பின்னம் எதையும் எழுதவில்லை, தாளை மட்டும் கொடுத்து ஐந்தைந்து பேராக உட்கார வைத்தேன். தாத்தா சொன்ன வழி ஒரு குழுவுக்குத் தானாகவே வந்தது, கடைசிப் பாதியை ஐந்தாக்குவதில்தான் நின்றார்கள். இன்னொரு குழு கடைசிப் பாதியை "கயலுக்குப் பிறந்தநாள், அவளுக்கே" என்று கொடுத்துவிட்டது. அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. மாஸ்டர் வழியில் ஒரு குழு நாற்பது வெட்டி, பாதியிலேயே தாள் பறந்துவிட்டது.

1/80 என்று கரும்பலகையில் எழுதவே இல்லை. "ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி கிடைத்தது, மிச்சம் இல்லை, ஆக ஒருத்தருக்கு எவ்வளவு?" என்றதும் "அஞ்சுல ஒண்ணு" என்றார்கள். கையில் மூணு வேறு வேறு துண்டு இருக்கிறதே என்று யாரும் தயங்கவில்லை. நான் தயங்குவார்கள் என்றுதான் நினைத்தேன்.

பழைய டயட்காரன் | ஜூலை 12, இரவு 7.30

அதுதான் பங்கிடுவதிலிருந்து தொடங்குவதில் உள்ள வசதி. வெட்டி வைத்த பீட்சாவைக் காட்டினால் பிள்ளை துண்டை எண்ணும். வெட்டாததைக் கொடுத்துப் பங்கிடச் சொன்னால் ஆளையும் எண்ணும். நெதர்லாந்தில் ஸ்ட்ரீஃப்லாந்த் என்பவர் பின்னத்தையே இப்படித்தான் தொடங்கினார். இருபத்துநாலு பேர், பதினெட்டு பீட்சா, எல்லாரும் ஒரே மேசையில் உட்கார முடியாது, எப்படிப் பிரித்து உட்கார வைப்பாய்? பன்னிரண்டு பேருக்கு ஒன்பது, எட்டுப் பேருக்கு ஆறு, நாலு பேருக்கு மூணு, எந்த மேசையில் உட்கார்ந்தாலும் முக்கால் பீட்சா. சமான பின்னம் வெட்டாமலே வந்துவிடுகிறது.

கரும்பலகை | ஜூலை 15, இரவு 9.20

மூணாம் பாகத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். அன்வர் 5/8, ஜோ 6/8. ரெண்டு பேரும் சேர்ந்து? துண்டை எண்ணிப் பதினொன்று என்கிறார்கள். 11/8 என்று நான் எழுதியதும் ஒருவன், "எட்டுத் துண்டுதான் இருக்கு, அதுல எப்படி டீச்சர் பதினொண்ணு எடுக்க முடியும்?" என்றான். முன் பெஞ்சுக்காரி உடனே, "அதான் நான் அன்னைக்கே பதினாறுன்னேன்" என்று திரும்பிவிட்டாள்.

டியூஷன் மாஸ்டர் | ஜூலை 15, இரவு 9.35

1 3/8 என்று கலப்பு பின்னமாக எழுதிவிடுங்கள். ஒரு முழு பீட்சா, கூட மூணு துண்டு. தகா பின்னம் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய டயட்காரன் | ஜூலை 15, இரவு 10.10

இன்றைக்கு அது போதும். ஆனால் அந்தப் பையனின் கேள்வி நியாயம். "எட்டில் பதினொன்று" என்று படித்தால் நடக்காத காரியம்தான். "எட்டில் ஒரு பங்கு, அப்படிப் பதினொன்று" என்று படிக்கப் பழக்குங்கள். அரைக்கால் படி பதினொரு தடவை அளந்து ஊற்றினால் யாரும் எப்படி முடியும் என்று கேட்க மாட்டார்கள். என் கருத்து, ஒன்றைத் தாண்டியதும் பீட்சாவை மூடி வைத்துவிட்டு ரிப்பனுக்குப் போய்விட வேண்டும். ஒரு மீட்டரை எட்டாக மடித்து, அந்த நீளத்தைப் பதினொரு தடவை தரையில் குறித்துக்கொண்டே போகலாம். வட்டம் ஒன்றில் முடிந்துவிடுகிறது, கோடு நீண்டுகொண்டே போகும்.

ஸ்காபரோ அம்மா | ஜூலை 15, இரவு 10.45

என்ர மகனுக்கு 11/8 பிரச்சினையே இல்லை. பதினொரு பீட்சா எண்டுவான்.

கரும்பலகை | ஜூலை 16, காலை 6.00

ரிப்பன் வாங்குகிறேன் சார். ஆனால் கதையில் பீட்சா திடீரென்று ரிப்பனாக எப்படி மாறும்? பிறந்தநாள் என்பதால் பரிசுப் பொட்டியில் கட்டின ரிப்பன் என்று கொண்டுவரலாமா, இல்லை தனிக் கதையா? பீட்சாவிலேயே இன்னொரு நாள் ஓட்டிப் பார்க்கலாம் என்றும் ஒரு மனசு.

டியூஷன் மாஸ்டர் | ஜூலை 16, காலை 6.45

அது இருக்கட்டும் டீச்சர். பரீட்சையில் அந்த முதல் கதையையே கொடுத்து, முன் பெஞ்சுக்காரி 5/16 எழுதினால் மார்க் உண்டா, இல்லையா?

கரும்பலகை | ஜூலை 16, காலை 6.58

கயல் கேட்ட கேள்விக்கு எழுதினால் இல்லை. அப்பா கேட்ட கேள்விக்கு எழுதினால் முழு மார்க்.

டியூஷன் மாஸ்டர் | ஜூலை 16, காலை 7.03

வெளியிலிருந்து வருகிற தாளில் கயலும் இருக்க மாட்டாள், அப்பாவும் இருக்க மாட்டார்.